காரம் ஊற்றியும் pH ஏன் குறைந்தது? தோராயம் எங்கே தாங்கும், எங்கே காலை வாரும்?

"சார், ஊட்டியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஸ்லைடில் வந்த கணக்கு இது: குடுவையில் 25 மி.லி. 0.1 M அசிட்டிக் அமிலம், பியூரெட்டில் 0.1 M NaOH. ஆரம்ப pH 2.87 என்று வந்தது. 0.25 மி.லி. NaOH சேர்த்த பிறகு தாங்கல் கரைசல் ஃபார்முலாவைப் போட்டால் 2.75 வருகிறது. காரம் ஊற்றினால் pH எப்படி சார் குறையும்? அதோடு, தோராயம் போடலாமா என்று பார்க்க ஒரு ஸ்லைடில் 5 சதவீதம், இன்னொன்றில் 400, வேறொன்றில் 100 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?"

தம்பி, உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன், 2.75தான் வருகிறது. விடை அபத்தமாக இருக்கிறதே என்று நின்று யோசித்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். குன்னூரில் ஆய்வக வகுப்பு எடுத்த காலத்தில் இதே 2.75ஐ ரெக்கார்டு நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொண்டுவருவார்கள். அதற்கு மேல் வரியில் 2.87 இருப்பது யார் கண்ணிலும் படாது.

முதலில் ஃபார்முலாவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம். pH = pKa + log([அசிட்டேட்]/[அமிலம்]) என்பது Ka-வின் வரையறைக்கே மடக்கை எடுத்து எழுதியது. கரைசலில் சமநிலை வந்த பிறகு உண்மையில் எவ்வளவு அசிட்டேட் இருக்கிறது, எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற எண்களைப் போட்டால் அது எப்போதும் சரியான விடைதான் தரும். நாம் போடுவது அந்த எண்களை அல்ல. "எத்தனை மோல் NaOH ஊற்றினேனோ அத்தனை மோல் அசிட்டேட்" என்று எடுத்துக்கொண்டு போடுகிறோம். தோராயம் அந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் நுழைகிறது. ஸ்லைடில் அது தோராயம் என்று சொல்வதுகூட இல்லை.

உங்கள் கரைசலில் அசிட்டேட் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். NaOH அமிலத்தோடு வினைபுரிவதால் வருவது ஒன்று. அமிலம் தானாகவே கொஞ்சம் பிரிந்து, ஹைட்ரஜன் அயனியோடு சேர்த்து வெளியே விடுவது இன்னொன்று. NaOH சேர்ப்பதற்கு முன்பே அமிலம் பிரிந்து 0.00134 M அசிட்டேட் குடுவையில் இருந்தது. நீங்கள் ஊற்றிய 0.25 மி.லி. காரத்தில் 0.025 மில்லிமோல் இருக்கிறது. 25.25 மி.லி. கரைசலில் அதன் செறிவு 0.00099 M. ஏற்கெனவே இருந்ததைவிடக் குறைவு! அதை மட்டுமே மொத்த அசிட்டேட் என்று ஃபார்முலாவில் போட்டதால், காரம் ஊற்றியதும் அசிட்டேட் குறைந்துவிட்டது என்று நீங்களே அதற்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதனால் pH-ஐ இறக்கிக் காட்டியது.

இனி எதையும் விடாமல் எழுதுவோம். அமிலத்தின் செறிவு a, காரத்தால் உருவான அசிட்டேட் b, ஹைட்ரஜன் அயனி h என்று வைத்தால்:

```
Ka = h(b + h) / (a − h)
h² + (b + Ka)h − Ka·a = 0
```

b-ஐப் பூஜ்யமாக வைத்தால் இது தனி அமிலத்தின் சமன்பாடு. b பெரிதாக இருந்தால் தாங்கல் கரைசலின் சமன்பாடு. ஸ்லைடில் இரண்டும் தனித்தனி தலைப்பாக, தனித்தனி ஃபார்முலாவாக வருவதால் இரண்டு வேறு ஊர் என்று தோன்றும். ஒரே ரோட்டின் இரண்டு முனை அவை. தனி அமிலக் கணக்கில் கீழே உள்ள "−h" ஒன்றை மட்டும் விடுகிறோம். மேலே உள்ள "+h"-ஐத் தொட முடியாது, ஏனென்றால் b இல்லாதபோது அது ஒன்றுதான் அசிட்டேட். தாங்கல் கரைசல் கணக்கில் இரண்டையும் விடுகிறோம். நீங்கள் மாட்டிக்கொண்டது நடுவழியில். அங்கே b-யும் h-உம் ஒரே அளவில் இருக்கின்றன, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வழியில்லை.

உங்கள் எண்களைப் போடுவோம். வினைக்குப் பிறகு மீதி அமிலம் 2.475 மில்லிமோல், கனஅளவு 25.25 மி.லி., ஆகவே a = 0.0980. b = 0.00099. Ka-ஐ 1.8 × 10⁻⁵ என்று எடுத்தால் இருபடிச் சமன்பாடு h = 0.000917 என்று தருகிறது. pH 3.04. 2.87-லிருந்து மேலே ஏறியிருக்கிறது, ஏறத்தான் வேண்டும். சரிபார்க்கவும் வழி உண்டு: உண்மையான அசிட்டேட் 0.00099 + 0.00092 = 0.00191, உண்மையான அமிலம் 0.0971. இவற்றை அதே பழைய ஃபார்முலாவில் போடுங்கள், 3.04 வரும்.

இதைப் பரீட்சையில் எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? தோராய ஃபார்முலாவையே முதலில் போடுங்கள். வந்த pH-லிருந்து h-ஐ எடுத்து, நீங்கள் போட்ட இரண்டு செறிவுகளில் சின்னதோடு ஒப்பிடுங்கள். உங்கள் கணக்கில் 2.75 என்றால் h = 0.00178. b வெறும் 0.00099. பொருட்படுத்தவே வேண்டாம் என்று ஒதுக்கிய h, வைத்துக்கொண்ட b-யைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தோராயம் தன் வாயாலேயே தான் தப்பு என்று சொல்லிவிடுகிறது. அரை நிமிட வேலை.

இப்போது 5, 400, 100 சண்டைக்கு வருவோம். இவை தனி அமிலத்துக்கான விதிகள், அதில் 5 சதவீதமும் 400-உம் ஒரே விதிதான். "−h"-ஐ விட்டால் h = √(Ka·C). பிரிகை வீதம் h/C என்பது √(Ka/C). அது 0.05-க்குள் இருக்கவேண்டும் என்றால் Ka/C 0.0025-க்குள் இருக்கவேண்டும். அதைத் திருப்பிப் போட்டால் C/Ka 400-க்கு மேல். 100 என்று போட்டவர் 10 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இந்த 5 சதவீதம் எதில் என்பதை ஸ்லைடுகள் சொல்வதில்லை என்பது என் பழைய மனக்குறை. விடையில் 5 சதவீதம் பிழை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பிரிகை வீதம். "−h"-ஐ விட்டதால் அமிலத்தின் செறிவை 5 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் செறிவு வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. வர்க்கமூலம் பிழையைப் பாதியாக்கிவிடும். ஆகவே h-இல் பிழை சுமார் 2.5 சதவீதம். pH-க்கு மாற்றினால் சுமார் 0.01. ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண pH மீட்டர் இரண்டாம் தசமத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் 0.01-க்காக இருபடிச் சமன்பாடு போடுவதில் அர்த்தமில்லை. 100 விதியை எடுத்தால் pH-இல் பிழை 0.02 வரை போகும். விடையை ஒரு தசமத்துக்குக் கேட்டால் அதுவும் போதும், இரண்டு தசமம் கேட்டால் போதாது. எதை எடுத்துக்கொள்வது என்பது உங்களிடம் எத்தனை தசமம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் 0.1 M அமிலத்துக்கு C/Ka 5,500-ஐத் தாண்டுகிறது. தோராயத்தில் 2.872, துல்லியமாக 2.875. கவலையே இல்லை. அதே அமிலத்தை நூறு மடங்கு நீர்த்து 0.001 M ஆக்கினால் C/Ka வெறும் 56. தோராயம் h = 0.000134 என்கிறது, அதாவது 13.4 சதவீதம் பிரிந்திருக்கிறது, விதி உடைகிறது. அசிட்டிக் அமிலத்துக்கு எல்லைக்கோடு 400 × 1.8 × 10⁻⁵, அதாவது 0.0072 M. அமிலம் அதேதான், நீர்த்ததால் மட்டுமே தோராயம் கெடுகிறது. "Ka சின்னது, அதனால் தோராயம் போடலாம்" என்று ஸ்லைடில் இருந்தால் அது அரை உண்மை. Ka எதோடு ஒப்பிடும்போது சின்னது என்பதே கேள்வி.

தனி அமிலத்தில் விதி உடைந்தாலும் இருபடிச் சமன்பாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. வந்த h-ஐ C-லிருந்து கழித்து, மறுபடி வர்க்கமூலம் எடுங்கள். 0.001 − 0.000134 = 0.000866. √(1.8 × 10⁻⁵ × 0.000866) = 0.0001248. இன்னொரு சுற்றில் 0.0001255. துல்லியமான விடையும் 0.0001255தான், pH 3.90. தோராயம் 3.87 என்றது. இரண்டே சுற்றில் வேலை முடிந்தது. ஆனால் இந்த வித்தையை உங்கள் 0.25 மி.லி. கணக்கில் செய்து பார்க்காதீர்கள். அங்கே விடை மேலும் கீழுமாகத் தாவும்: 0.00178, 0.00062, 0.00109, 0.00084 என்று. கடைசியில் வந்து சேரும், ஆனால் பரீட்சை மணி அடித்துவிடும். அந்த இடத்தில் இருபடிச் சமன்பாடுதான் குறுக்குவழி.

தாங்கல் கரைசலில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே வர்க்கமூலம் கிடையாது, அதனால் பிழையைப் பாதியாக்க ஆள் இல்லை. h என்பது b-யில் 5 சதவீதம் என்றால் விடையிலும் கிட்டத்தட்ட முழு 5 சதவீதம் பிழை, pH-இல் 0.02. அதே 5 சதவீதம் தனி அமிலத்தில் 0.01, தாங்கலில் 0.02.

உங்கள் தரம் பார்த்தலையே மேலும் தொடர்வோம். 2.5 மி.லி. NaOH சேர்ந்ததும் அமிலமும் அசிட்டேட்டும் 9-க்கு 1. ஃபார்முலா 3.79 தருகிறது, துல்லிய விடை 3.80. h என்பது b-யில் 2 சதவீதத்துக்கும் கீழ். ஆக, பத்தில் ஒரு பங்கு காரம் போனதுமே தோராயம் தாங்க ஆரம்பித்துவிட்டது. 12.5 மி.லி.-இல் பாதிக்குப் பாதி, pH 4.74, அங்கே தோராயத்தைக் கேள்வி கேட்கவே வேண்டாம்.

இப்போது மறு கரைக்குப் போங்கள். 24.75 மி.லி. சேர்த்திருக்கிறீர்கள், அசிட்டேட் 99 பங்கு, அமிலம் 1 பங்கு. உங்கள் 0.25 மி.லி. புள்ளியின் கண்ணாடி பிம்பம் இது. அங்கே ஃபார்முலா கவிழ்ந்ததால் இங்கேயும் கவிழும் என்று நினைப்பீர்கள். கவிழாது! ஃபார்முலா 6.74 என்கிறது. h வெறும் 1.8 × 10⁻⁷, OH⁻ அதைவிடவும் குறைவு. மீதமிருக்கும் அமிலமோ 0.0005 M. ஒதுக்கியதற்கும் வைத்துக்கொண்டதற்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளி. விகிதம் 99 ஆக இருந்தும் விடை நூற்றுக்கு நூறு சரி.

இதில்தான் ஸ்லைடுகளின் இன்னொரு வாக்கியம் மாணவர்களைக் குழப்புகிறது: "விகிதம் 0.1-க்கும் 10-க்கும் நடுவில் இருந்தால்தான் ஃபார்முலா செல்லும்." அந்த எல்லை, கரைசல் தாங்குமா என்பதைப் பற்றியது. விகிதம் 10-ஐத் தாண்டினால் கொஞ்சம் காரம் விழுந்ததும் pH எகிறும், அதனால் அது நல்ல தாங்கல் கரைசல் இல்லை. கணக்கு சரியா என்பது வேறு கேள்வி. 24.75-இல் தாங்கும் திறன் போய்விட்டது, கணக்கு சரியாக இருக்கிறது. மாறாக, அமிலமும் அசிட்டேட்டும் சரிபாதியாக, ஆனால் இரண்டும் 0.0001 M மட்டுமே இருக்கும் கரைசலை எடுங்கள். விகிதம் 1, ஸ்லைடு விதிப்படி உத்தமமான இடம். ஃபார்முலா 4.74 என்கிறது, துல்லிய விடை 4.86. pH-இல் 0.12 தள்ளிப்போகிறது, காரணம் h அங்கே செறிவில் 18 சதவீதம். விகிதத்தை மட்டும் பார்ப்பவர் இதைப் பிடிக்கவே முடியாது. h-ஐ ஒப்பிடுபவர் உடனே பிடித்துவிடுவார்.

25 மி.லி.-இல் அமிலம் தீர்ந்தது. அந்த ஃபார்முலாவின் வேலையும் தீர்ந்தது. விகிதத்தில் கீழே பூஜ்யம் வரும், கால்குலேட்டர் கோபித்துக்கொள்ளும். இப்போது கரைசலில் இருப்பது 0.05 M சோடியம் அசிட்டேட் மட்டும். அதை வலிமை குறைந்த காரமாக எடுத்து, OH⁻ = √(5.56 × 10⁻¹⁰ × 0.05) = 5.3 × 10⁻⁶, pH 8.72. தனி அமிலத்தின் அதே வர்க்கமூலம், அதே 400 விதி. இங்கே C/Kb கோடிக்கணக்கில் வருவதால் பேச்சே இல்லை.

ஊட்டியில் படிக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லவேண்டும், சமவெளி மாணவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. ஸ்லைடில் உள்ள எண்கள் எல்லாம் 25 டிகிரிக்கு. உறைபனிக் காலத்தில் காலை முதல் பீரியடில் உங்கள் ஆய்வகம் 15 டிகிரி இருந்தால் அதிகம். அசிட்டிக் அமிலத்தின் pKa அதனால் கிட்டத்தட்ட அசையாது, ஆகவே நடுப்பகுதி முழுவதும் அதே விடைதான். ஆனால் தண்ணீரின் pKw 14.00-லிருந்து 14.35 ஆகிவிடும். அது கணக்கில் நுழைவது சமானப் புள்ளியிலும் அதற்குப் பிறகும்தான். சமானப் புள்ளியில் 8.72-க்குப் பதில் 8.90 வரும். பினாப்தலின் 8.2-இல் நிறம் காட்டத் தொடங்குவதால் உங்கள் பியூரெட் அளவு மாறாது. அம்மோனியா தாங்கல் கரைசலுக்கு இந்தச் சலுகை இல்லை. அம்மோனியம் அயனியின் pKa 25 டிகிரியில் 9.25, 15 டிகிரியில் 9.56. தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் பரிசோதனையில் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். மூன்று தசமம் வரை இருபடிச் சமன்பாடு போட்டுவிட்டு pKa-ஐ 25 டிகிரிக்கு எடுத்தால், நூறு ரூபாயைத் தொலைத்துவிட்டுச் சில்லறையை எண்ணிய கதை.

pH மீட்டர் வைத்துச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. 0.1 M அசிட்டிக் அமிலமும் 0.1 M சோடியம் அசிட்டேட்டும் உள்ள கரைசலுக்கு ஸ்லைடு கணக்கு 4.74. நல்ல மீட்டர் 4.65-க்குப் பக்கத்தில் காட்டும். உங்கள் தோராயம் காரணமல்ல. இருபடி போட்டாலும் 4.74தான் வரும். அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது அவை தம் முழுச் செறிவுக்கு வேலை செய்வதில்லை, அந்தத் திருத்தத்தை ஸ்லைடுக் கணக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. அந்த விலகலுக்குப் பக்கத்தில் 5 சதவீத விதியின் 0.01 எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் அதற்கும் மேலே விலகினால் அமில பாட்டிலைப் பாருங்கள். அடர் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும். டிசம்பர், ஜனவரி காலையில் நம் ஊர் ஆய்வகங்களில் பாட்டிலுக்குள் பாதி கண்ணாடிக்கட்டி போல நிற்பது வழக்கம். அவசரத்தில் மேலே உள்ள திரவத்தை மட்டும் பிப்பெட்டில் எடுத்து நீர்த்தால், கட்டி அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரைத் திரவத்தில் விட்டிருக்கும், உங்கள் 0.1 M உண்மையில் 0.1 M ஆக இருக்காது. பாட்டிலை மூடி தளர்த்தி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து முழுதும் உருகவிட்டு, மூடியை இறுக்கிக் கலக்கி, பிறகு லிட்டருக்குச் சுமார் 5.7 மி.லி. எடுங்கள்.